முதல் நாளே 'நீ'

தமிழில் ஒருவரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்குக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகும்? என் தோழி ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்த பிறகும் அந்த ஒற்றை எழுத்து வாயில் வரவில்லை. எனக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை. மாண்டரினில் 'நீ' என்றால் நீதான். ஓசையும் அதே, பொருளும் அதே. குரலை மட்டும் சற்றுத் தாழ்த்தி இழுக்க வேண்டும். இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் கிடையாது, தற்செயலான ஒற்றுமை. ஆனால் அந்தத் தற்செயலால், எனக்குப் பிடித்த ஒருவரை முதல் நாளே 'நீ' என்று கூப்பிட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சீனாவின் குன்மிங் நகரிலிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி இருக்கை. ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவு பேசுவார். சிரிக்க வைக்கும் அளவுக்குப் பேசமாட்டார். ஆங்கிலத்தில் அவரே ஒரு மின்னஞ்சல் மாதிரி இருப்பார். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் போதும், ஆள் மாறிவிடுவார். கை ஆடும், தோள் குலுங்கும், சிரிப்பு அடுத்த அறை வரை கேட்கும். அந்த இரண்டாவது ஆளோடு பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. நானோ பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தவள். மாண்டரினில் எண்களும், கோப்பி வாங்கத் தேவையான நாலு வார்த்தையும்தான் தெரியும்.

முதலில் பிடித்துக்கொண்டது நம் வீட்டுக் கேள்வியைத்தான். 'ச்சர் பாவ் ல மா?' வயிறு நிறையச் சாப்பிட்டாயா? கடைசியில் வரும் 'மா'வைப் பாருங்கள், நம் 'ஆ' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. 'சாப்பிட்ட' என்பதோடு 'ஆ' சேர்ந்தால் கேள்வி ஆவது போல, வாக்கியத்தின் வாலில் 'மா' ஒட்டினால் அது கேள்வி. வினைச்சொல்லுக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை என்ற வால்களும் கிடையாது. சொல் கொஞ்சமாக வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய சலுகை.

சலுகைக்கு விலை உச்சரிப்பில் இருக்கிறது. 'பாவ்' என்பதை நம் 'பால்' போல மூச்சு விடாமல் சொன்னால் வயிறு நிறைவது. அதையே காற்றை வெளியே தள்ளிச் சொன்னால் ஓடுவது. தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே எழுத்து. தேக்கா நிலையத்தில் தண்ணீர்க்கடை வைத்திருக்கும் சீன அக்கா ஒருவர் எனக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். மேசை பிடிக்க வைக்கிறோமே, அந்த டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வாய்க்கு முன்னால் பிடிக்க வேண்டும். தாள் ஆடினால் ஓடுகிறாய், ஆடாவிட்டால் சாப்பிட்டிருக்கிறாய். நமக்கு இது எளிது. 'ப'வை மூச்சு விடாமல் சொல்லித்தானே வளர்ந்தோம். ஆங்கிலப் பழக்கத்தில் காற்றை விடாமல் இருந்தால் போதும்.

கேட்பதைவிட, பதிலைக் கவனிப்பதுதான் முக்கியம் என்று பிறகு புரிந்தது. 'ச்சர் ல' என்று மட்டும் வந்தால் சாப்பிட்டாயிற்று, அவ்வளவுதான், மரியாதை. 'ச்சர் ல, நீ னே?' என்று வந்தால், 'நீ?' என்ற கேள்வி நம்மிடம் திரும்பி வருகிறது. முதல் இரண்டு வாரம் எனக்கு வெறும் 'ச்சர் ல'தான். மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, 'நீ னே?' வந்தது. திங்கட்கிழமை அவரே முதலில் கேட்டார். அப்போது மணி பத்தரை. அது யாரும் சாப்பிடும் நேரமே இல்லை.

அதற்குப் பிறகு சொற்கள் தாமாகச் சேர்ந்தன. 'மான் மான் ச்சர்', மெதுவாகச் சாப்பிடு. நம் 'மெல்ல மெல்ல' போலவே இரட்டிக்கும். 'ஷின் கூ ல', ரொம்பச் சிரமப்பட்டுவிட்டாய்; வேலை முடிந்து களைத்து வருகிறவருக்குச் சொல்வது. 'தாவ் ஜியா ல மா?', வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா? எதிலும் அழகைப் புகழவில்லை, கண்ணைப் பற்றிப் பேசவில்லை. இரவு பத்து மணிக்கு ஒருவர் வீடு சேர்ந்தாரா என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு சொல்லிடம் மட்டும் எனக்குப் பயம். 'ஷியாங்'. சாப்பிட 'ஷியாங்' என்றால் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது. சும்மா 'ஷியாங்' என்றால் யோசிக்கிறேன். ஆனால் 'வோ ஷியாங் நீ' என்று மூன்றே அசை சொன்னால், உன் நினைவாகவே இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று அசைதானே என்று விளையாட்டாகச் சொல்லிவிட முடியாது. சொல் சிறியது, சுமை பெரியது. நாலு மாதம் அதைத் தொடவே இல்லை.

'வென்' என்பதைப் பற்றியும் தண்ணீர்க்கடை அக்கா எச்சரித்திருந்தார். 'போ!' என்று அதட்டுவது போலக் குரல் சட்டென்று விழுந்தால், கேட்பது. தாழ்ந்து எழுந்தால், முத்தமிடுவது. 'உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்' என்ற அப்பாவி வாக்கியத்துக்கு இவ்வளவு ஆபத்து! நான் குரலை மிகக் கவனமாக விழவைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தில் சலனமே இல்லாமல், "சரியாகத்தான் சொன்னாயா?" என்று திருப்பிக் கேட்டார். மின்னஞ்சல் மனிதர் காணாமல் போனது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் நடப்போம். கெர்பாவ் சாலையில் தான் டெங் நியா வீட்டை அவருக்குக் காட்டினேன். 1900இல் மிட்டாய் தொழில் செய்த ஒரு சீன முதலாளியின் வீடு. கதவும் சன்னலும் இன்று ஒன்றுக்கொன்று சேராத வண்ணங்களில் இருக்கின்றன. பூமாலைக் கடைகளுக்கு அருகே சீன வீடா என்று அவருக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது வார்த்தையில் அந்த வரலாற்றைச் சொல்ல முடியவில்லை. 'மிட்டாய், பணம், பெரிய வீடு' என்றேன். அவருக்குப் புரிந்தது.

நாற்பது ஐம்பது வார்த்தை எங்கே தீர்ந்துபோகும் என்பதும் தெரிந்தது. ஒருநாள் ஊரில் அவருடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. சிராங்கூன் சாலையில் ஒரு கடைவாசலில் நின்று, பத்து நிமிடம் மாண்டரினில் வேகமாகப் பேசினார். அப்பா, மருத்துவமனை, இரண்டே சொல்தான் எனக்குப் புரிந்தன. ஆங்கிலத்தில் சொல் என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு அப்போது ஆங்கிலம் வராது. ஆறுதல் சொல்லவும் என்னிடம் வாக்கியம் இல்லை. 'வோ ஸாய்' என்றேன். நான் இருக்கிறேன். மாண்டரினிலும் அது முழு வாக்கியம், தமிழிலும் முழு வாக்கியம். அப்பா தேறிவிட்டார். இவர் விடுப்பில் ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், விமான நிலையத்தில், அந்த மூன்றசை வாக்கியத்தைச் சொன்னேன். அதற்கும் பதில் 'நீ னே?' பாணியில்தான் வந்தது: 'நானும்.'

போன மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணப் பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை; அப்பா முகம் கொடுத்துப் பேசியதே பெரிது. வருவதற்கு முன் ஒரே ஒரு பாடம் எடுத்தேன். உங்கள் மொழியில் பெரியவர்களுக்கு 'நின்' இருப்பது போல, எங்கள் மொழியில் 'நீங்க' உண்டு. அம்மாவிடம் 'நீ' வரவே கூடாது என்று. ரயிலில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அம்மா கதவைத் திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வாங்க தம்பி, சாப்டீங்களா?"

"சாப்டேன்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னவருக்கு மூன்று தோசை ஊற்றினார்.