முழங்காலில் வெள்ளைக் கோடுகள்

ஒட்டுப் போட்ட உடுப்பென்றால் எங்கட ஊரில் இல்லாமையின் அடையாளம். கிழிசலைத் தெரியாமல்தான் தைக்கவேணும் என்று பழகியிருக்கிறோம். ஆனால் ஜீன்ஸின் முழங்காலில் அந்த ஒளிப்பு நிலைப்பதில்லை.

டெனிமில் நெடுக்கு நூல் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. மேற்பரப்பில் கூடுதலாக நிற்பது நீலம் என்பதால் உராய்ந்து முதலில் அறுவதும் அதுதான். வெள்ளை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி மிஞ்சும். ஓட்டையின் ஓரத்தை மட்டும் மெஷினில் நெருக்கித் தைத்தால், பக்கத்திலிருக்கும் நைந்த துணி அந்தத் தையலோடு திரும்பக் கிழியும்.

அதனால் நாங்கள் கழுவிச் சுருங்கவிட்ட பழைய டெனிம் துண்டொன்றை உட்பக்கம் வைக்கிறோம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைந்த எல்லை தெரியும். அதையும் தாண்டி எல்லாப் பக்கமும் 3 சென்ரிமீற்றர் நல்ல துணியில் துண்டு ஏறவேணும். பின்பக்கமும் சேர்ந்து தைபடாமலிருக்க ஜீன்ஸ் காலுக்குள் ஒரு கொப்பியைச் செருகுகிறோம். பிறகு தடித்த வெள்ளைப் பருத்தி நூலால், 1 சென்ரிமீற்றர் இடைவெளியில், வரிவரியாக ஓட்டுத்தையல். வரி திரும்பும் இடத்தில் உள்ளே கொஞ்சம் நூலைத் தளரவிடவேணும். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும், முழங்காலை மடிக்க நூல் அறும்.

ஜப்பானின் வடபகுதி விவசாயிகள் குளிருக்காகத் துணிமேல் துணி வைத்து இப்படித்தான் தைத்தார்கள். அந்தத் தையலுக்குப் பெயர் சஷிகோ. இழுவை ஒரே ஓரத்தில் சேராமல் எல்லா வரிகளுக்கும் பிரிகிறது. அந்த வேலையைச் செய்யும் கோடுகளே வடிவமாகவும் தெரிகின்றன.

தைத்ததைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போகிறோம். "உது ஃபெஷனோ, காசில்லையோ?" என்று கேட்கிறார்கள். இரண்டும்தான் என்கிறோம்.