முதல் மெயிலில் ஆதார் எதற்கு?

ஒரகடம் பக்கம் ஒரு சின்ன மெஷினிங் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் வந்தபோது, அவற்றுக்கு புஷ், பின், பிராக்கெட் செய்து கொடுக்கும் சின்ன ஷெட்டுகளும் சுற்றிலும் முளைத்தன. பெரிய கம்பெனியில் ஆள் எடுக்க ஒரு துறையே இருக்கும். சின்ன ஷெட்டில் இருப்பது, முதலாளியின் மச்சான் பையன் போட்டுக் கொடுத்த வெப்சைட்டில் ஒரே ஒரு பக்கம்தான்: இந்த வேலைக்கு ஆள் தேவை, இவ்வளவு அனுபவம், இந்த மெயிலுக்கு ரெஸ்யூம் அனுப்பவும். ஏமாற்றுக்காரன் அந்தப் பக்கத்தை அரை மணி நேரத்தில் காப்பி அடித்துவிடுவான். ஆனால் நான் முதலில் சொல்ல வருவது அவனைப் பற்றி அல்ல. நேர்மையான கம்பெனிக்கு அனுப்பினாலும் உங்கள் ரெஸ்யூம் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மெயிலைத் திறப்பது ஆபீஸில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர், டெஸ்பாட்ச் பில் போடுகிறவர், ஸ்டோர்கீப்பர் என்று எல்லோருக்கும் அதே பாஸ்வேர்டு. மானிட்டர் ஓரத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும். வந்த ரெஸ்யூமை பிரின்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைப்பார்கள். வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கிழிக்க மாட்டார்கள். பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் ஸ்டோர் கணக்கு எழுதுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. காகிதத்தை வீணாக்க மனசு வராதவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் உங்கள் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் அப்பா பெயரும் கையெழுத்தும் இருந்தால், ஸ்க்ராப் வண்டியோடு அதுவும் ஊர் சுற்றும்.

போன வருஷம் என் தங்கை பேத்திக்கு இப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பெண். வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. கீழே ஒரு வரி: ரெஸ்யூமுடன் ஆதார், பான், மார்க் ஷீட், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பவும். “அனுப்பிடவா தாத்தா?” என்று கேட்டாள். இரு, முதலில் இது யார் வீடு என்று பார்ப்போம் என்றேன்.

மெயில் முகவரியிலிருந்து தொடங்கினோம். கம்பெனித் தளம் `example.com` என்று வைத்துக்கொள்ளுங்கள். `hr@example.com` என்றால் அது அந்த வீட்டுத் தபால் பெட்டி. `hr@example-careers.com` என்பது வேறொருவர் வாங்கிய வேறு வீடு. தளத்தின் முகவரியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும்: `example.com.job-apply.in` என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் `job-apply.in`. முன்னால் ஒட்டியிருக்கும் பெயர் வெறும் வேஷம். பிரவுசரில் தெரியும் பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் பேத்தி பார்த்த பக்கத்தில் இருந்தது ஜிமெயில் முகவரி. ஜிமெயில் என்றாலே போலி என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் நல்ல கம்பெனிகளில் பல இன்றைக்கும் ஜிமெயிலில்தான் ஓடுகின்றன. அதனால் மெயிலை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாத இடத்தில் நான் ஜிஎஸ்டி எண்ணுக்குப் போவேன்.

சின்னக் கம்பெனியும் பெரிய கம்பெனிக்குச் சரக்கு போட வேண்டுமென்றால் ஜிஎஸ்டி எண் இல்லாமல் நடக்காது. தளத்தின் அடியிலோ தொடர்பு பக்கத்திலோ பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் போனில் கேட்கலாம், ஒளிக்க வேண்டிய விஷயம் அல்ல. மொத்தம் 15 எழுத்து. தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33-ல் தொடங்கும். அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். அதனால் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்: C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம், P என்றால் ஒரு தனி மனிதர். பக்கத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ஆறாவது இடத்தில் P இருந்தால், அங்கே ஏதோ இடிக்கிறது. `gst.gov.in` தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், லாகின் எதுவும் இல்லாமல் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, இப்போது உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, தொழில் நடக்கும் முகவரி எல்லாம் வரும்.

நாங்கள் போட்டுப் பார்த்ததில் பெயர் சரி, C சரி, முகவரி வல்லம் வடகால். ஆனால் இதோடு நின்றுவிடக் கூடாது. உண்மையான கம்பெனியின் ஜிஎஸ்டி எண் அது கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் இருக்கிறது. போலி ஆசாமி அதையும் எடுத்து ஒட்டிக்கொள்வான். கம்பெனி உண்மை என்று தெரிந்துவிட்டது, இந்தப் பக்கம் அந்தக் கம்பெனியுடையதா என்பது இன்னும் பாக்கி. அதற்கு ஒரே வழி, அந்தப் பக்கத்தில் இல்லாத வேறு வழியாகப் போய்க் கேட்பது. மேப்பில் கிடைக்கும் லேண்ட்லைனுக்கு அடிக்கலாம். அதைவிட நல்லது, பஸ் ஏறிப் போவது. சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லம் எவ்வளவு தூரம்? கேட்டில் செக்யூரிட்டியிடம் “குவாலிட்டிக்கு ஆள் எடுக்கிறாங்களா அண்ணே?” என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். பெங்களூரில் இருந்து விண்ணப்பிக்கிறவனுக்கு இல்லாத வசதி இது. பேத்தி போய்க் கேட்டாள். எடுக்கிறார்கள்.

ஆக, பக்கம் உண்மை, கம்பெனி உண்மை. அப்படியிருந்தும் ஆதாரும் பாஸ்புக்கும் அனுப்ப வேண்டாம் என்றேன். வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு அந்தக் காகிதங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிஎஃப், இஎஸ்ஐ போடுவதற்கு அவை வேண்டும்தான். அது வேலை உறுதியான பிறகு.

அவள் அனுப்பியது ஒரே பக்க பிடிஎஃப். பெயர், ஒரு மொபைல் எண், மெயில். கதவு எண், தெரு எதுவும் இல்லாமல் சுங்குவார்சத்திரம் என்று ஊர் மட்டும். ஷிப்ட்டுக்கு வர முடியுமா, பஸ் ரூட்டில் இருக்கிறாளா என்பதுதான் முதலாளிக்குத் தெரிய வேண்டியது. பிறந்த தேதிக்குப் பதில் டிப்ளமோ முடித்த வருஷம். அப்பா பெயர், ஜாதி, மதம், திருமணம், போட்டோ கிடையாது. பழைய பயோடேட்டாவில் கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுவோமே, அதையும் எடுத்துவிட்டோம். போட்டோவும் கையெழுத்தும் ஆதார் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தால், உங்கள் பெயரில் சிம் வாங்க நினைக்கிறவனுக்கு பாதி வேலை முடிந்தது. மிச்சமான இடத்தில் அவள் எழுதியது, வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ் எல்லாம் பிடிக்கத் தெரியும் என்றும், இன்ப்ளான்ட் டிரெய்னிங்கில் எந்தப் பாகத்தை எப்படி அளந்தாள் என்றும். நான் தேர்ந்தெடுத்த காலத்தில் கண் முதலில் ஓடியது அந்த வரிகளுக்குத்தான். மெயிலில் கடைசியாக ஒரு வாக்கியம்: சான்றிதழ்களை நேர்முகத்துக்கு அசலோடு கொண்டு வருகிறேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். ஆதார் ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஆள் எடுக்கிற எங்கள் தரப்பு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூம் என்ற பெயரில் வைரஸ் வருவது உண்டு என்பதால் ஜிப் ஃபைல் வந்தால் திறக்காமலே அழிப்போம். சிலர் டிரைவ் லிங்க் அனுப்புவார்கள், திறந்தால் அனுமதி கேட்கச் சொல்லும், அதையும் விட்டுவிடுவோம். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவோம். ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்று பெயர் வைத்தால் பத்து பேருடையது ஒரே பெயரில் கிடக்கும். உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்துவிடுங்கள்.

எல்லா விளம்பரமும் கம்பெனிப் பெயரோடு வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது நினைவிருக்கலாம். பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் இன்னொன்று எழுதியது: ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமணம் பற்றிய நிபந்தனைகளை எடுக்கச் சொன்ன நிறுவனம், தன் பெயரையும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். முதல் பாதி நல்லது. ரெஸ்யூமில் திருமணத்தை எழுத வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அது துணை நிற்கிறது. இரண்டாம் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. ‘பிரபல எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ஆட்கள் தேவை’ என்று ஒரு மொபைல் எண்ணோடு வரும் போஸ்டரில், உண்மையான ஏஜென்சி எது, போலி எது என்று இனி எப்படிப் பிரிப்பது? அங்கே நீங்கள் சோதிக்க வேண்டியது ஏஜென்சியைத்தான். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், பிஎஃப் யார் கட்டுவார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயருக்கு ஜிஎஸ்டி எண் வாங்கி மேலே சொன்னபடி பாருங்கள். யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ, மெடிக்கல் செக்கப் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் காகிதம் கொடுக்கும் நேரம் வரும். சூப்பர்வைசர் “வாட்ஸ்அப்ல போடும்மா” என்பார். அவர் போன் கேலரியில் உங்கள் ஆதார் அவர் குழந்தை படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். ஜெராக்ஸ் எடுத்து நேரில் கொடுங்கள். குறுக்கே, எழுத்து மேல் படும்படி, எந்தக் கம்பெனிக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதுங்கள். அடையாளம் காட்ட மட்டும் கேட்டால் யூஐடிஏஐ தளத்தில் கிடைக்கும் மாஸ்க் செய்த ஆதார் போதும். அதில் கடைசி நான்கு எண்தான் தெரியும். பிஎஃப்புக்கு முழு எண் தேவைப்படும், அதைத் தவிர்க்க முடியாது. சம்பள அக்கவுன்ட் நாங்களே திறந்து தருகிறோம், ஏடிஎம் கார்டும் அந்த சிம்மும் எங்களிடம் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் அது சம்பளத்துக்கான அக்கவுன்ட் அல்ல. திருட்டுப் பணம் வந்து போவதற்கு உங்கள் பெயர் தேவைப்படுகிறது. போலீஸ் தேடி வருவதும் அந்தப் பெயரைத்தான்.

ஏற்கெனவே எல்லாம் அனுப்பிவிட்டேன் என்கிறவர்கள் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யலாம். `sancharsaathi.gov.in` தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண் ஓடுகிறது என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே குறித்துப் புகார் செய்யலாம். யூஐடிஏஐ தளத்தில் ஆதாரின் கைரேகையைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். பணமும் போயிருந்தால் தயங்காமல் 1930-க்கு அடியுங்கள்; பணம் அடுத்த அக்கவுன்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடிகிறது என்பதால் அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பேசும்போது பணம் போன ரெஃபரன்ஸ் எண், அவர்கள் அழைத்த மொபைல் எண், அந்த வேலைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். கோபத்தில் அந்த ஆளை பிளாக் செய்து சாட்டை அழித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.