மூன்று கரை, ஐந்து பாலம்

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது இது. 2016-ம் வருஷக் கடைசி. பிளஸ் டூ பிள்ளைகள் கணக்கில் ஏதாவது ஒரு செய்முறைத் திட்டம் செய்து கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கூம்பு, உருளை என்று அட்டையில் வெட்டி ஒட்டுவது எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் கோட்டுருவியல் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பாடப் புத்தகத்தில் அது இல்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கச் சிரமமே இல்லை. வீட்டை விட்டு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

முதலில் கோனிக்ஸ்பர்க் கதையைச் சொன்னேன். பிரெகல் ஆற்றங்கரையில் ஒரு நகரம். நடுவில் தீவு. மொத்தம் ஏழு பாலங்கள். ஒரு பாலத்தையும் இரண்டு முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று ஆய்லர் 1735-ல் நிரூபித்தார். அவர் நடந்தெல்லாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிலத்தையும் ஒரு புள்ளியாக்கி, ஒவ்வொரு பாலத்தையும் ஒரு கோடாக்கி, எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

எண்ணுவது எப்படி? நடுவழியில் ஓர் இடத்துக்கு வந்தால் ஒரு பாலத்தில் நுழைகிறோம், இன்னொரு பாலத்தில் வெளியேறுகிறோம். அதாவது ஒவ்வொரு வருகைக்கும் இரண்டு பாலம் செலவு. எனவே நடுவில் வந்து போகும் இடத்தில் பாலங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் அங்கேதான் புறப்பட வேண்டும், அல்லது அங்கேதான் முடிக்க வேண்டும். புறப்பட ஓர் இடம், முடிக்க ஓர் இடம். ஆக, ஒற்றைப்படை இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் ஆட்டம் முடிந்தது. கோனிக்ஸ்பர்க்கில் நான்கு நிலப்பகுதிகள். பாலங்கள் முறையே 5, 3, 3, 3. நான்குமே ஒற்றைப்படை.

கதையை முடித்துவிட்டு, "நம்ம ஸ்ரீரங்கமும் தீவுதான். இங்கேயும் முடியாதுன்னு காட்டி ஒரு படம் போட்டுட்டு வாங்கடா" என்று சொல்லி அனுப்பினேன். நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டியவன், எண்ண என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்தான். அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கணக்கில் நாற்பது, நாற்பத்தைந்து எடுக்கிற பையன். "சார், நம்ம ஊர்ல முடியுது சார்" என்றான்.

"எங்கேயோ தப்பா எண்ணியிருப்பே. மறுபடி பாரு" என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தான். நோட்டைக்கூட வாங்கிப் பார்க்காமல் அனுப்பினேன். மூன்றாம் நாள், "சார், ஒரு தடவை நீங்களே எண்ணிருங்க சார்" என்றான். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் நோட்டை வாங்கினேன்.

மூன்று புள்ளிகள்: தெற்கே திருச்சி, நடுவில் தீவு, வடக்கே நம்பர் ஒன் டோல்கேட். ரயில் பாலங்களையும் மேற்கே முக்கொம்பையும் விட்டுவிட்டிருந்தான். காவிரி மேல் இரண்டு: சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலைக்கு வரும் காவிரிப் பாலம், சென்னை பைபாஸ் பாலம். கொள்ளிடம் மேல் மூன்று: 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2016-ல் திறந்த புதுப் பாலம், பைபாஸ் பாலம். பழைய பாலத்தில் வண்டி ஓடாது, நடக்கலாம். ஆகவே திருச்சிக்கு 2, டோல்கேட்டுக்கு 3, தீவுக்கு 5. ஒற்றைப்படை இரண்டே இடம்தான்.

வழியையும் எழுதியிருந்தான். திருவானைக்காவலில் புறப்பட்டுப் புதுப் பாலம் வழியாக டோல்கேட். பழைய பாலத்தில் நடந்து திரும்பித் தீவு. பஸ் ஏறிக் காவிரிப் பாலம் வழியாகத் திருச்சி. பைபாஸில் காவிரியைத் தாண்டி மறுபடி தீவு. அதே பைபாஸில் நேரே போய்க் கொள்ளிடத்தைத் தாண்டி டோல்கேட்டில் முடிவு. ஐந்தும் ஒவ்வொரு முறை. கீழே, "சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தால் முடியாது" என்று குறிப்பு வேறு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சரி, நான் தப்பு என்பது மட்டும் காரணமில்லை. நான் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு முனை. எல்லா இடங்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் பாலங்களைப் போல் இரண்டு மடங்கு, அதாவது இரட்டைப்படைதான் வரும். இங்கே 2, 5, 3 கூட்டினால் 10. கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால், ஒற்றைப்படை இடங்களும் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். மூன்று கரை மட்டுமே உள்ள ஊரில் அது 0, இல்லாவிட்டால் 2. எத்தனை பாலம் கட்டினாலும் மூன்று கரையும் இணைந்திருக்கிற வரை வழி உண்டு. கோனிக்ஸ்பர்க்கில் நான்காவது கரை இருந்ததால்தான் சிக்கல் வந்தது. கணக்கு வாத்தியாருக்கு அரை நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு குழு ரயில் பாலங்களையும் சேர்த்து வேறு விடை கொண்டுவந்தது. காவிரியில் ஒன்று, கொள்ளிடத்தில் ஒன்று கூடியதால் திருச்சிக்கு 3, தீவுக்கு 7, டோல்கேட்டுக்கு 4. இப்போது தீவில் புறப்பட்டால் திருச்சியில் முடியும். இரண்டும் சரியான விடைதான். எதைப் பாலம் என்று எண்ணினோம் என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதாவிட்டால்தான் தப்பு. வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பையனிடம், "நான் எண்ணாமல் சொன்னேன், நீ எண்ணிச் சொன்னாய்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. "சார், பழைய பாலம் போச்சு சார். கணக்கு பாத்தீங்களா? ரெண்டு, நாலு, ரெண்டு. இப்ப எங்க கிளம்புனாலும் கிளம்புன இடத்துக்கே வந்துரலாம் சார்." கோனிக்ஸ்பர்க்கிலும் இப்படித்தான். உலகப் போரில் குண்டு விழுந்து இரண்டு பாலம் போன பிறகு, ஆய்லர் முடியாது என்ற நடை முடிகிற நடையாகிவிட்டது.

2022-ல் பழுதுபார்க்கக் காவிரிப் பாலத்தை மூடினார்கள். திருச்சிக்கு 1, தீவுக்கு 3, டோல்கேட்டுக்கு 2. கணக்குப்படி வழி உண்டு. ஆனால் பஸ்கள் பைபாஸ் வழியாகச் சுற்றிப் போக, என் மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆய்லரின் கோட்டுக்கு நீளம் கிடையாது. மாம்பழச்சாலைப் பாலமும் ஒரு கோடு, பைபாஸும் ஒரு கோடு. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்று கேட்டால் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண் எழுத வேண்டும். அது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் அவன் இப்போது தினமும் போடுகிறான். ஒரு பார்சல் கம்பெனியில் எந்த வண்டி எந்த வழி போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். அந்தப் பழைய நோட்டை இன்னும் வைத்திருக்கிறானாம். அதில் இரண்டு நாளும் நான் கையெழுத்துப் போடாத இடம் காலியாகவே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த முறை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். போட்டுக் கொடுத்துவிடலாம்.