தங்கச்சியின் பத்து வருஷம்

திருத்தணிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் சித்தி மகள், பால் குளிரூட்டும் நிலையத்து வேலைக்கு பயோடேட்டா எழுதித் தரச் சொன்னாள். அவளாக எழுதி வைத்திருந்தது ஒரே வரிதான்: ‘பால் சொசைட்டியில் பத்து வருடம் வேலை.’

“அங்க என்னென்ன வேலை பாத்தே?”

“பாலை அளந்து நோட்டுல எழுதுறதுதாண்ணா.”

கேள்வியை மாற்றினேன். “காலையில கதவைத் திறந்ததும் முதல்ல எதைக் கையில எடுப்பே?”

மடை திறந்துவிட்டது. லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பாளாம். கொழுப்புச் சோதனைக்கு 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். பிறகு மெஷினில் வைத்துச் சுற்றுவது. அளவெல்லாம் மனப்பாடம்!

“எதுக்காவது உன்னைத்தான் தேடிக் கூப்பிடுவாங்களா?” என்றதும் இன்னும் இரண்டு வந்தன. தண்ணி கலந்த பாலைச் சண்டையில்லாமல் திருப்பி அனுப்ப அவளைத்தான் கூப்பிடுவார்களாம். தெலுங்கு பேசுற வீட்டுக்காரர்களுக்குக் கணக்கை விளக்குவதும் அவள்தான். இங்கே பாதிப் பேருக்கு ரெண்டு பாஷையும் வரும் என்பதால், அதை ஒரு தகுதியாகவே அவள் நினைக்கவில்லை.

“தினம் எத்தனை பேர் ஊத்துவாங்க?” வீடு வீடாக விரல் விட்டு எண்ணினாள். நோட்டு கையில் இல்லாததால் ‘சுமார் 60’ என்று போட்டோம்.

நான் ‘தர மேலாண்மை’ என்று எழுதியதை வாசித்ததும், “அப்படின்னா என்னண்ணா?” என்றாள். அடித்துவிட்டேன். நேர்காணலில் அவளால் விளக்க முடியாத வார்த்தை அவளையே மாட்டிவிடும். ‘பால் தரம் சோதித்தேன்’ என்று எழுதினோம்.

முழுசாக வாசித்துக் காட்டினேன். “இவ்ளோவுமா நான் செஞ்சேன்?” என்றாள்.