காசு கட்டாது, வரேலாது

எங்கட சிநேகிதிகளுக்குள் கலியாணம் என்றால் முதலில் வருவது அழைப்பிதழ் இல்லை, வட்ஸ்அப் குரூப். மாப்பிள்ளையின் படத்துக்கு முன்னமே அதில் சாறியின் கலர் வந்துவிடும். தோழிமார் எல்லாரும் ஒரே கலரில் நிற்கவேண்டுமாம்.

போன வருசம் யாழ்ப்பாணத்தில் ஒருத்தியின் கலியாணம். நாங்கள் இரண்டு பேர் வெள்ளவத்தையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். இருந்து கணக்குப் பார்த்தோம். ஆளுக்குச் சாறி 7,500, சட்டைத் தையல் 2,500, பஸ் போக வர 5,000, என்வலப்புக்குள் வைக்க 5,000. இரண்டு பேருக்கும் 40,000. வாடகை கட்டினால் கையில் மிஞ்சுவது அதில் பாதிகூட இல்லை. கடன் பட்டுப் போகலாம்தான், ஆனால் அது அடுத்த பொங்கல் மட்டும் இழுபடும்.

இப்படி நேரத்தில் வழமையாகச் சொல்வது 'லீவு கிடைக்கேல்ல' என்பது. அதுக்கு அவளிடம் பதில் இருக்கும். "ஞாயிறுதானேடி, சனி இரவு பஸ் ஏறுங்கோவன்" என்பாள். பிறகு எங்கட மனேஜரையும் கெட்டவராக்க வேண்டிவரும், பாவம் அந்த மனுசன்.

குரூப்பில் போட்டால் எல்லாரும் பரிதாபப்படத் தொடங்குவார்கள். அதனால் சாறி எண்ணிக்கை சொல்ல முன்னம் அவளுக்கே கோல் எடுத்தோம். மண்டபத்துக்குச் சாப்பாட்டுக் கணக்குக் கொடுக்கவும் இன்னும் நாள் இருந்தது. "எங்களால வரேலாது. காசு கட்டாது. வேற ஒண்டுமில்லை. சாறிக் கணக்கில எங்களை விட்டிடு." அவ்வளவுதான். செலவுக் கணக்கை அவளுக்கு வாசிக்கவில்லை. வாசித்தால் சாறியை வெட்டு, என்வலப்பை வெட்டு என்று அவள் பேரம் பேசத் தொடங்குவாள். எங்களுக்கு மறுக்கவும் ஏலாமல் போகும்.

"பஸ் காசு நான் போடுறன்" என்றாள். இதைக் கேட்பாள் என்று தெரியும், பதிலை முதலே பேசி வைத்திருந்தோம். சிலருக்கு அந்தக் காசை வாங்குவது லேசாக இருக்கும், எங்களுக்கு இல்லை. "வேண்டாமடி, உன்ர கலியாணச் செலவே உனக்குக் கிடக்கு."

"சரி" என்றாள். அந்த 'சரி' நல்ல 'சரி' இல்லை. இரண்டு நாள் ஒரு மெசேஜும் இல்லை. நாங்களும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போகவில்லை. கவலைப்பட அவளுக்கு உரிமை இருக்கு. அதை உடனே ஆற்றச் சொல்லி அவளையே நெருக்குவது என்ன நியாயம்?

மூன்றாம் நாள் அவளே கேட்டாள், "பொன்னுருக்குக்கு வீடியோ கோல் எடுக்கட்டா?"

எடுத்தாள். போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பத்தர் பொன்னை உருக்குவதைவிட அவரின் முதுகுதான் கூடத் தெரிந்தது. நடுவில் அவளின்ர மாமி ஒராள் எட்டிப் பார்த்து, "இவையள் ஏன் வரேல்ல?" என்றா.

"காசு கட்டேல்லையாம் மாமி."

"ஓ, பஸ்ஸும் இப்ப விலைதானே" என்ற மாமி போனைத் தூக்கி, பத்தரின் முகம் தெரிகிற பக்கமாக வைத்தா.