இரண்டு மணி நேர வவுச்சர்

பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஒரு சைபர் கஃபே நடத்துபவர் வழக்கறிஞர் நோட்டீசோடு என்னைப் பார்க்க வந்தார். கிள்ளானில் விருந்துச் சமையல் எடுத்து நடத்தும் ஒருவர் கெட்டுப்போன இறைச்சியைச் சமைத்துப் போடுகிறார் என்று, அவருடைய வாடிக்கையாளர்கள் பலருக்கு மின்னஞ்சல் போயிருந்தது. அதன் தலைப்புத் தகவலில் ஐபி முகவரி இருந்தது. நீதிமன்ற உத்தரவு வாங்கி இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டதில், சந்தாதாரர் என்று இவர் பெயர் வந்துவிட்டது.

“சார், அந்தச் சமையல்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது. யாரோ கடையில உட்கார்ந்து அனுப்பினதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?”

நியாயமான கேள்விதான். ஆனால் 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ள மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, எந்த இணைப்பிலிருந்து ஒரு பதிவு வெளியானதோ அந்த இணைப்பின் சந்தாதாரரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று காட்டும் சுமை அவர் தலையில் விழுகிறது. கணினித் திரையில் தெரியும் எந்த வாசகமும் இதில் அடங்கும், மின்னஞ்சலும் தப்பாது. 2014இல் தோங் சியாக் கான் வழக்கில் உயர் நீதிமன்றம் இந்த அனுமானத்தைக் கையாண்டதை எதிர்த்தரப்பு நோட்டீசிலேயே சுட்டியிருந்தது.

கடையில் மைக்ரோடிக் ரூட்டர் ஒன்று. இரண்டு ரிங்கிட் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கான கோடு அச்சிட்ட சீட்டு கிடைக்கும். விற்ற சீட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டே போதும் என்று அவர் நம்பினார். எனக்கு அது போதவில்லை. யார் சீட்டு வாங்கினார் என்பது வேறு, அந்த நிமிடத்தில் யார் இணைப்பில் இருந்தார் என்பது வேறு. எத்தனை பேர் உள்ளே இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி.

நல்லவேளை, கடையை அமைத்துக் கொடுத்த டெக்னிஷியன் ரூட்டரின் லாக்கை நினைவகத்தில் மட்டும் விடாமல் கோப்பிலும் சேமிக்க வைத்திருந்தார். இல்லையென்றால் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதுமே எல்லாம் போயிருக்கும். ஆனால் கோப்பைத் திறந்தால் எல்லா வரிகளிலும் 1970 ஜனவரி. அந்த மாடலில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியும் முடுக்கப்படவில்லை. மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் ஆதியிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

அதைச் சரிப்படுத்த உதவியது டூயிட்நவ் கியூஆர். பல வாடிக்கையாளர்கள் அதில்தான் பணம் கட்டியிருந்தார்கள். வங்கிக் கணக்கில் நேரம் துல்லியமாக இருந்தது. பணம் வந்த நேரத்தையும் அந்தச் சீட்டின் கோடு முதன்முதலாக லாக்கில் தோன்றிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுதான். சில நிமிடம்தான் கூடக்குறைய. அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் லாக்கின் எந்த வரிக்கும் உண்மை நேரம் கிடைத்துவிடும். மின்னஞ்சலில் 13:14 என்று இருந்தது உலகப் பொது நேரம். மலேசியாவில் அது இரவு 9:14. அப்போது நான்கு கோடுகள் இணைப்பில் இருந்தன. கவுண்டர் கணினி எட்டரைக்கே அணைக்கப்பட்டதை விண்டோஸின் சொந்தப் பதிவு காட்டியது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். அன்றைய நோட்டில் மூன்று சீட்டுதானே, லாக்கில் நான்காவது எங்கிருந்து முளைத்தது, இது பிற்பாடு இட்டுக்கட்டியது என்றார். விடை வவுச்சரின் அமைப்பிலேயே இருந்தது:

```
/ip hotspot user add name=bf7k2m password=bf7k2m limit-uptime=2h
```

இந்த `limit-uptime` இணைப்பில் இருக்கும் நேரத்தை மட்டுமே கணக்கிடும். அரை மணி நேரம் பயன்படுத்தி லாக்அவுட் செய்தவர் மூன்று நாள் கழித்து வந்து மிச்சம் ஒன்றரை மணியைத் தொடரலாம். நான்காவது கோடு மூன்று நாள் முந்தைய பக்கத்தில் விற்றதாகவே இருந்தது. லாக்கைக் கூட்டிப் பார்த்தால் அதன் இரு வருகைகளும் சேர்ந்து இரண்டு மணியைத் தாண்டவில்லை. இட்டுக்கட்டுகிறவர் நோட்டோடு முரண்படும் வரியை ஏன் சேர்க்கப் போகிறார்?

கணினி ஆவணமாக ஏற்கப்பட 90ஏ பிரிவின்படி சான்றிதழ் தரலாம். ரூட்டரைப் பராமரித்தவர் என்ற முறையில் டெக்னிஷியனே கையெழுத்திட்டார். அனுமானத்தை முறிக்க, இவர் எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு என்று காட்டினால் போதும். எழுதியது யார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரணைக்கு முன்பே வழக்கை வாபஸ் வாங்கினார்கள், செலவு அவரவருக்கு.

நான்கு பேரில் அனுப்பியவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இப்போதைய கைப்பேசிகள் நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுவதால் லாக் அதற்கு மேல் போகாது. கிள்ளான்காரருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அப்படியே நிற்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். கடைக்காரர் அதன் பிறகு ரூட்டரின் நேரத்தை இணையத்தோடு இணைத்தார். கோடு முதலில் பயன்பட்ட நாளோடு காலாவதியாகும்படி ஒரு ஸ்கிரிப்ட் போட்டு, லாக்கை மாதந்தோறும் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்கிறார்.