எட்டாவது பெயர்

வசதியான சபைக்கு நீதியைப் பிரசங்கிக்க வேண்டிய ஞாயிறுகளில் நான் எடுப்பது ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்கள். தெக்கோவாவில் மந்தை மேய்த்த தெற்கத்திக்காரர் அவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் செழித்திருந்த வட இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார்.

அவர் பேசிய வரிசையைக் கவனியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்தாரின் குற்றங்கள் முதலில் வருகின்றன. ஏழாவதாக, சகோதர நாடான யூதா. கேட்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாக அவர்கள் பெயரே வருகிறது. அதற்குத்தான் மிக நீளமான குற்றப்பட்டியல்.

பிரசங்க பீடத்தில் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னால் செய்தி தமஸ்குவிலேயே நின்றுவிடும். அதற்கு ஓட்டுப் போடாதவர் மகிழ்வார், போட்டவர் காதை மூடிக்கொள்வார். வேதவசனம் இருவரையும் தொடாமல் போய்விடும். அதனால் எட்டுப் பகுதிகளையும் நிறுத்தாமல் வாசிக்கச் செய்கிறேன். விளக்கத்தை எட்டாவதில் மட்டும் தொடங்குகிறேன்.

அங்கே ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஏழைகளிடம் அடகாக வாங்கிய துணியை விரித்து, பலிபீடத்தின் அருகிலேயே படுத்துக்கொள்வது. அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது யாத்திராகமம் 22. ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய, எழுத்துள்ள பானை ஓடு ஒன்று 1960இல் இஸ்ரேல் கடற்கரைக் கோட்டை ஒன்றில் கிடைத்தது. அதில் ஓர் அறுவடைக் கூலியாள், வேலையை முடித்த பிறகும் தன் துணியைப் பறித்துக்கொண்டார்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறார். இதைச் சொன்னதும் சபை அந்த மனிதரைப் பார்க்கத் தொடங்கும்.

பிறகு நம் வீடுகளுக்கு வருகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா காய்ச்சலில் படுத்தால் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? கொத்தனாரின் கடைசி வாரக் கூலியை இழுத்தடிக்கிறோமா? ஆமோஸ் பலிபீடத்தையும் விடவில்லை; ஆகவே கோயிலைக் கூட்டித் திறப்பவருக்குச் சபை கொடுக்கும் சம்பளத்தையும் கேட்கிறேன். அதைச் சேகரக் கமிட்டியில் முன்னதாகவே பேசிவிடுவேன். பீடத்திலிருந்து யாரையும் திடுக்கிட வைப்பது மேய்ப்பனுக்கு அழகல்ல.

எந்தச் சட்டம், எந்தத் திட்டம் நல்லது என்று ஆமோஸ் சொல்லவில்லை. அதில் விசுவாசிகள் வேறுபடலாம். ஆனால் கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்பதில் வேறுபட இடமில்லை. அதை 'அரசியல்' என்று யாராவது சொன்னாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது பலன் தெரியும். "அவங்களுக்கு நல்லாக் குடுத்தீங்க ஐயரே" என்று ஒருவர் சொன்னால், செய்தி எட்டாவது பெயருக்கு வந்து சேரவில்லை. "எங்க வீட்டுல வேலை செய்யறவங்களுக்கு லீவு குடுக்கறதப் பத்திப் பேசணும்" என்று ஒருவர் தயங்கிச் சொன்னால், வந்து சேர்ந்திருக்கிறது.